ஓடாத போஸ்ட்ல இருந்து நிலையான கஸ்டமர் வரைக்கும்: ஜாக்கெட் தைக்கிற ஒரு பொண்ணோட கதை, படிப்படியா முழு வழிகாட்டி

வீட்ல உக்காந்து ஜாக்கெட் தைக்கிறவங்க நெறைய பேர் இப்ப இன்ஸ்டாகிராம்ல அக்கவுண்ட் வச்சிருக்காங்க, டெய்லி ஏதாவது போடுறாங்க, லைக்கும் வருது, ஆனா தைக்க துணி மட்டும் வரமாட்டேங்குது. எங்க சித்தி பொண்ணுக்கும் முதல்ல இதே நெலமதான். ராஜபாளையம் பக்கம் ஊரு, வீட்ல எல்லாரும் பாப்பான்னு கூப்பிடுவோம், பஜார்ல ஒரு கடையில பீஸ் ரேட்டுக்கு தைச்சிட்டு இருந்தவ, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்லயே ஒரு பவர் மெஷின் போட்டு தனியா ஆரம்பிச்சா. தெருவுல நாலு வீட்டு ஜாக்கெட்ட நம்பி மெஷின் தவணை கட்ட முடியாதுன்னு ஆன்லைன் பக்கம் வந்தா. இப்ப அவகிட்ட தைக்கிறவங்கள்ல முக்கால்வாசி பேரு அவள நேர்ல பாத்ததே இல்ல, பெங்களூர், கோயம்புத்தூர், சென்னைன்னு கூரியர்லதான் எல்லாம் போய் வருது. நடுவுல என்னென்ன ஓடல, ஏன் ஓடல, எது ஓடுச்சு, அப்புறம் வந்தவங்க ஏன் திரும்ப வந்தாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்களும் தைக்கிறவங்கன்னா இதே வரிசையில செஞ்சு பாக்கலாம்.

முதல்ல ஓடாத போஸ்ட்ட பாப்போம்

அவ முதல் முதலா போட்டது நெட்ல இருந்து டவுன்லோட் பண்ண மாடல் போட்டோ. அழகா ஒரு மாடல், முதுகு ஃபுல்லா ஆரி வொர்க், கீழ "இந்த மாதிரி தைத்துத் தரப்படும்"னு ஒரு வரி. லைக் வந்துச்சு. நாலு பேரு மெசேஜும் பண்ணாங்க, நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "இது நீங்க தைச்சதா?" இல்லன்னு சொன்னதும் மூணு பேரோட சாட் அப்படியே நின்னு போச்சு. தைக்கிற வேலையில ஆள் பாக்குறது கையத்தான், அடுத்தவன் கைய காட்டி நம்ம கைய விக்க முடியாது. மிச்சம் இருந்த ஒருத்தங்க அதே மாதிரி வேணும்னு அட்வான்ஸ் போடுற வரைக்கும் வந்துட்டாங்க, நல்ல வேளை வாங்கல, ஏன்னா அந்த வொர்க் இவளுக்கு அப்ப தெரியாது.

ரெண்டாவது, ட்ரெண்டிங் பாட்ட போட்டு மெஷின் ஓடுற ரீல். இது பிச்சுக்கிட்டு போச்சு, பாப்பா ஊரு பூரா போன் போட்டு சொன்னா. ஆனா ஒரு ஆர்டர் கூட வரல. அக்கவுண்ட்ட ப்ரொஃபஷனல் அக்கவுண்ட்டா மாத்திட்டா இன்சைட்ஸ்னு ஒண்ணு வரும், ஃப்ரீதான், அதுல எந்த ஊர்ல இருந்து பாத்தாங்கன்னு காட்டும். தெறந்து பாத்தா பாதிக்கு மேல வடநாடு, மீதி எங்கெங்கயோ. பாட்டுக்காக பாத்தவங்க பாட்ட கேட்டுட்டு போயிட்டாங்க. இத நான் சொல்றதுக்கு காரணம், வ்யூஸ் ஏறுனதும் நம்ம வழி சரின்னு நெனச்சு அதே மாதிரி அடுத்தடுத்து போட ஆரம்பிச்சிருவோம், அங்கதான் மாசக்கணக்குல டைம் போகுது.

மூணாவது ஆஃபர் போஸ்ட். "தீபாவளி ஸ்பெஷல், லைனிங் ஜாக்கெட் 250 மட்டும்." இது மட்டும் ஆர்டர் கொண்டு வந்துச்சு, ஆனா வந்தவங்க 200க்கு ஆகுமான்னு கேக்குற ஆளுங்க, அதுக்கு மேல தெருவுல 400 குடுத்து தைச்ச அத்தைங்க எல்லாம் "எங்களுக்கு மட்டும் என்னடி கூட வாங்குன"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. தீபாவளி நேரத்துல எப்படியும் துணி வந்து குவியும், அந்த நேரத்துல ரேட்ட கொறைக்கிறது மாதிரி ஒரு வேலை வேற இல்ல. காசு போட்டு பூஸ்ட்டும் ஒரு தடவ பண்ணா, ஏரியாவ இந்தியா ஃபுல்லான்னு வச்சிட்டா, வந்த மெசேஜ் எல்லாம் வெறும் "ரேட்?" ஒரு வார்த்த. பதில் போட்டா அதுக்கப்புறம் சத்தமே இல்ல.

நோட்டு போடுங்க, லைக்க எண்ணாதீங்க

இங்கதான் கதை திரும்புச்சு. கடையில வேலை பாக்கும்போது அளவு எழுதுற நோட்டு இருக்கும்ல, அதே மாதிரி ஒரு நோட்ட மெசேஜுக்குன்னு போடச் சொன்னேன். யாரு மெசேஜ் பண்ணாலும் மூணு விஷயம் மட்டும் எழுதணும்: எந்த போஸ்ட்ட பாத்துட்டு வந்தாங்க, முதல் கேள்வி என்ன கேட்டாங்க, கடைசியில துணி வந்துச்சா இல்லையா. எந்த போஸ்ட்னு தெரியலன்னா கேட்டுரணும், "எத பாத்துட்டு வந்தீங்கக்கா"ன்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ஒரு மாசம் எழுதிட்டு உக்காந்து பாத்தோம். "ரேட் எவ்ளோ"ன்னு ஆரம்பிச்சவங்க கிட்டத்தட்ட யாருமே துணி அனுப்பல. துணி அனுப்புன அந்த சில பேரு எல்லாருமே ஆரம்பிச்ச விதம் வேற மாதிரி. "எனக்கு எங்க தைச்சாலும் ஷோல்டர் நிக்காது", "கைய தூக்குனா ஜாக்கெட் மேல ஏறுது", "ஊக்கு போடுற எடம் வாய் பொளக்குது". அதாவது ஏற்கனவே ஒரு டெய்லர்கிட்ட குடுத்து, ஏமாந்து, வெறுத்துப் போய் இருக்கவங்க. இவங்களுக்கு 50 ரூபா 100 ரூபா பெரிய விஷயமே இல்ல, போட்டா பொருந்தணும், அவ்ளோதான்.

இந்த மெசேஜ் எல்லாம் எந்த போஸ்ட்ட பாத்துட்டு வந்துச்சு தெரியுமா? சும்மா ஒரு நாள் ஆல்ட்ரேஷனுக்கு வந்த ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்பி, "பாருங்க, பிரிச்சு விடுறதுக்கு துணியே விடாம ஒட்ட வெட்டி வச்சிருக்காங்க, இத நான் எப்படி லூஸ் பண்ண"ன்னு புலம்பி ஒரு வீடியோ போட்டிருந்தா. லைக் பத்து கூட இல்ல. ஆனா சேவ் பண்ணவங்களும் அடுத்தவங்களுக்கு அனுப்புனவங்களும் லைக்க விட ஜாஸ்தி. தைக்கிற தொழில்ல பாக்க வேண்டிய நம்பர் இந்த ரெண்டுதான்னு என்னோட அபிப்ராயம். தங்கச்சிக்கு, கூட வேலை பாக்குறவளுக்கு ஒருத்தி வீடியோவ அனுப்புறான்னா "நீ சொன்ன பிரச்சன இதான்டி"ன்னு அர்த்தம்.

ஒரு வீடியோவுக்கு ஒரு குறை

அதுக்கப்புறம் போட்ட எல்லா போஸ்ட்டும் ஒரே அச்சு. ஒரு வீடியோவுல ஒரே ஒரு குறைய எடுக்கணும், அது எப்படி தெரியும்னு காட்டணும், ஏன் வருதுன்னு சொல்லணும், சரி பண்ண முடியுமா முடியாதான்னு உண்மைய சொல்லணும்.

உதாரணத்துக்கு கை தூக்குனா ஜாக்கெட் ஏறுறத எடுத்துக்கோங்க. நெறைய பேரு உயரம் பத்தலன்னு நெனச்சு அடுத்த ஜாக்கெட்ல உயரத்த கூட்ட சொல்லுவாங்க, அப்பவும் ஏறும். காரணம் ஆர்ம்ஹோல்ல இருக்கு. டைட்டா இருக்கக் கூடாதுன்னு அக்குள எறக்கி வெட்டிட்டா, கையும் உடம்பும் சேர்ற எடம் கீழ போயிரும், கைய தூக்கும்போது அந்த எடம் கூடவே மேல வரும், பின்னாடியே மொத்த ஜாக்கெட்டும் வரும். அக்குளுக்கு கிட்ட ஒட்டி வெட்டுனாதான் கை ஃப்ரீயா போகும். கேக்கவே தலகீழா இருக்கும், அதனாலதான் அந்த வீடியோவ ஆளாளுக்கு அனுப்பிக்கிட்டாங்க. கடைசியில பாப்பா சொன்ன வரி என்னன்னா, "ஏற்கனவே எறக்கி வெட்டுனத என்னால திரும்ப ஏத்த முடியாதுக்கா, துணி போயிருச்சு, அக்குள்ல ஒரு துண்டு வச்சு கொஞ்சம் கொறைக்கலாம், முழுசா சரியாகாது, அடுத்த ஜாக்கெட்ல பாத்துக்கலாம்." முடியாதுன்னு சொன்ன அந்த வீடியோவுக்குத்தான் முதல் பெங்களூர் ஆர்டர் வந்துச்சு.

எடுக்குற விதமும் சொல்லிர்றேன். மாடல் வேணாம், முகம் வேணாம், பொம்ம கூட வேணாம். ஒரே கலர் துணி விரிச்ச டேபிள், அதுல ஜாக்கெட், அவ கை, டேப்பு. வாசல் பக்கம் நெழல்ல காலையில எடுக்கணும். வெயில் நேரா பட்டா ஜரிகை பளபளன்னு அடிச்சு தையலே தெரியாது, ட்யூப்லைட்டுல எடுத்தா அரக்கு கலரு வேற மாதிரி தெரியும், அப்புறம் நூல் கலர் மேட்ச் ஆகலன்னு பஞ்சாயத்து வரும். ஃபேன ஆஃப் பண்ணிரணும், இல்லன்னா பேசுறது கேக்காது. முதல் ரெண்டு மூணு செகண்ட்லயே குறைய காட்டிரணும், "வணக்கம் நண்பர்களே"ன்னு ஆரம்பிச்சா விரல தள்ளிட்டு போயிருவாங்க. பேச்சு நம்ம வீட்டுப் பேச்சுலயே இருக்கட்டும். பாப்பா முதல்ல டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுனா, பாக்க சகிக்கல. சவுண்ட் வைக்காம பாக்குறவங்களுக்காக குறைய மட்டும் ஒரு வரி தமிழ்ல மேல எழுதிரணும், முடிஞ்சா ஊரு பேரும், கூரியர் உண்டுன்னும் கீழ ஒரு வரி.

கஸ்டமர் போட்டோ போடுறது பத்தி ஒண்ணு சொல்லணும். தைச்சு போட்டதும் சந்தோஷத்துல போட்டோ அனுப்புவாங்க, அத கேக்காம போட்டுராதீங்க. கேட்டாலும் கழுத்துக்கு மேல வெட்டிட்டு, அனுப்புனவங்ககிட்ட ஒரு தடவ காட்டிட்டு போடுங்க. அளவுக்காக அனுப்புற போட்டோவ வேலை முடிஞ்சதும் அழிச்சிர்றோம்னு முதல்லயே சொல்லிரணும், சொன்ன மாதிரி அழிக்கவும் செய்யணும். இந்த ஒரு விஷயத்துல பேரு கெட்டா மொத்த தொழிலும் போச்சு.

நேர்ல பாக்காம அளவெடுக்குறது

வீடியோ பாத்து மெசேஜ் வந்துருச்சு, இனிமேதான் நெசமான வேலை. போன்ல அளவு சொல்லச் சொன்னா கண்டிப்பா தப்பாதான் வரும், மார்பு சுத்தளவ ஒருத்தங்க டைட்டா புடிப்பாங்க, ஒருத்தங்க ரெண்டு விரல் விட்டு புடிப்பாங்க. அதனால பாப்பா அளவு ஜாக்கெட் இல்லாம எடுக்குறதே இல்ல. ஆனா வெறும் அளவு ஜாக்கெட்ட பாத்து அப்படியே தைச்சா அதுல இருக்க குறையும் சேந்து வந்துரும்ல, அதனால அந்த ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு மூணு போட்டோ கேப்பா: முன்பக்கம், பின்பக்கம், கைய தூக்கி பக்கவாட்டுல ஒண்ணு. முகம் தெரியவே வேணாம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், இந்த ஜாக்கெட்ல எது புடிக்கும், எது புடிக்காதுன்னு. எழுதச் சொன்னா ரெண்டு வார்த்தையில முடிச்சிருவாங்க, பேசச் சொன்னா மனசுல இருக்கதெல்லாம் வரும்.

அந்த முதல் பெங்களூர் ஆர்டரையே எடுத்துக்குவோம். ஐடி கம்பெனியில வேலை பாக்குற ஒரு அக்கா, எங்க தைச்சாலும் ஷோல்டர் நழுவுது, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே இழுத்து விட்டுட்டு இருக்கேன்னு சொன்னாங்க. அளவு ஜாக்கெட் வந்துச்சு. ஊக்க எல்லாம் மாட்டி, டேபிள்ல சுருக்கம் இல்லாம விரிச்சு அளந்தா. மார்பு 36, சரியாதான் இருக்கு. ஷோல்டர் முழுசா 15 இன்ச், கழுத்து அகலம் எட்டரை, பின் கழுத்து எறக்கம் 9, முன் கழுத்து 7, பின்னாடி கயிறு கெடையாது. அப்ப ஷோல்டர் பட்டை ஒரு பக்கம் எவ்ளோ? 15ல எட்டரை போனா ஆறரை, அதுல பாதி, மூணேகால். பட்டை அகலம் நல்ல அகலம்தான், அப்புறம் ஏன் நழுவுது?

பட்டை இருக்குற எடம் தப்பு. கழுத்து அகலம் எட்டரைன்னா நடுவுல இருந்து நாலேகால் இன்ச் தள்ளித்தான் பட்டையே ஆரம்பிக்குது, அதாவது தோள் சரியிற எடத்துல போய் உக்காந்திருக்கு. பின் கழுத்து இவ்ளோ எறக்கமா இருக்கும்போது பின்னாடி புடிச்சு இழுக்க துணி இல்ல, கயிறும் இல்ல, சரியத்தான் செய்யும். எறக்கம் கூடக் கூட கழுத்து அகலத்த கொறைக்கணும், ஷோல்டரையும் கொஞ்சம் உள்ள வாங்கணும். அவங்க தோள போட்டோவுலயும் பாத்து, அவங்களையே தோள் எலும்பு முடியிற எடத்துல இருந்து அந்தப் பக்க முடிவு வரைக்கும் வீட்ல ஒரு ஆள விட்டு அளக்கச் சொன்னப்ப 14 வந்துச்சு. அதுல அரை இன்ச் கொறச்சு பதிமூணரை வச்சா. கழுத்து அகலம் 7. இப்ப பட்டை எவ்ளோ? பதிமூணரையில 7 போனா ஆறரை, பாதி அதே மூணேகால். பட்டை அகலம் கொஞ்சம் கூட மாறல, ஆனா முக்கால் இன்ச் உள்ள வந்துருச்சு. பின் கழுத்த 9ல இருந்து எட்டரையா ஏத்துனா, அதுக்கும் அவங்ககிட்ட கேட்டுட்டுதான்.

இன்னொன்னும் இருந்துச்சு. பழைய ஜாக்கெட்ல கழுத்து ஓரம் அலை அலையா நின்னுச்சு. கழுத்து வளைவுல துணி குறுக்குவாட்டுல வெட்டுப்படும், கையில புடிச்சாலே நீளும், அத அப்படியே தைச்சா போடப் போட விரிஞ்சுக்கிட்டே போகும். பைப்பிங் வைக்கிற கிராஸ் பீஸ லேசா இழுத்துப் புடிச்சு தைச்சா கழுத்து உள்ள உக்காரும். ஜாஸ்தி இழுத்தா சுருங்கிரும், அது கைப் பழக்கம்தான், இன்ச் கணக்கு சொல்ல முடியாது.

லைனிங் துணிய வாங்குனதும் வெட்டிராதீங்க. காட்டன் லைனிங் முதல் தண்ணியில சுருங்கும், நனைச்சு காயப்போட்டு அயர்ன் பண்ணிட்டுதான் வெட்டணும். நேர்ல வர்ற கஸ்டமர்னா சுருங்குன ஜாக்கெட்ட தூக்கிட்டு வந்து நிப்பாங்க, பிரிச்சு விட்டு அனுப்பலாம், பெங்களூர்ல இருக்கவங்க ரிவ்யூவுலதான் வந்து நிப்பாங்க.

அந்த அக்கா பட்டு ஜாக்கெட்டுக்குத்தான் கேட்டாங்க. பாப்பா பட்டு எடுக்கல, "முதல்ல ஒரு சாதா காட்டன் அனுப்புங்கக்கா, அது உங்களுக்கு சரியா நின்னா அப்புறம் பட்டுல கை வைக்கிறேன்"னு சொல்லிட்டா. முதல் ஆர்டர் பட்டு கெடையாதுங்கிறது இன்னைக்கு வரைக்கும் அவ ரூல். காட்டன் போச்சு, போட்டுப் பாத்தாங்க, ஷோல்டர் நின்னுருச்சு, கை சுத்து மட்டும் டைட்டுன்னாங்க. உள்ள துணி விட்டிருந்ததால கீழ் தெருவுல இருக்க ஆல்ட்ரேஷன் கடையிலயே ஒரு தையல் பிரிச்சுக்கிட்டாங்க, திருப்பி அனுப்ப வேண்டிய வேலையே இல்ல. பக்கத் தையல்ல ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை இன்ச், கையில ஒரு இன்ச் உள்ள விடுறது அவ வழக்கம், உள்ளயே அரை இன்ச் தள்ளி இன்னொரு தையலும் போட்டு வைப்பா, உடம்ப ஒட்டி இருக்க வரிசைய பிரிச்சாலே லூஸ் ஆயிரும். கூரியர்ல தைக்கிறவங்களுக்கு இது உயிர்.

ரெண்டாவது ஜாக்கெட்லதான் தொழிலே இருக்கு

கை சுத்தையும் திருத்தி, அந்த அளவ பிரவுன் பேப்பர்ல வரைஞ்சு வெட்டி, மேல போன் நம்பரோட கடைசி நாலு எண்ணும் தேதியும் எழுதி மாட்டி வச்சிட்டா. கடை மாஸ்டருங்க பேப்பர் கட்டிங்னு சொல்றதுதான், பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா ஆன்லைன் தொழிலுக்கு இதவிட பெரிய விளம்பரம் நான் பாக்கல. ஏன்னா ரெண்டாவது தடவ அந்த அக்கா அளவு ஜாக்கெட் அனுப்ப வேணாம், போட்டோ எடுக்க வேணாம், பேசவே வேணாம், துணிய மட்டும் அனுப்பிட்டு "எப்பவும் போல, கை மட்டும் முழங்கை வரைக்கும்"னு ஒரு மெசேஜ் போட்டா போதும். வேற டெய்லர்கிட்ட போனா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த பட்டு வந்துச்சு, அப்புறம் ஆபீஸுக்கு போடுற காட்டன் அஞ்சு ஒண்ணா வந்துச்சு, அப்புறம் அவங்க அம்மா அளவு ஜாக்கெட்.

பேப்பர் கட்டிங்க போட்டோ எடுத்து "உங்க அளவு எங்ககிட்ட பத்திரமா இருக்குக்கா"ன்னு அனுப்புறது பாப்பா கண்டுபுடிச்ச வித்த. ஆறு மாசம் கழிச்சு ஆர்டர் வந்தா மட்டும் "உடம்பு கூடியிருக்கா கொறஞ்சிருக்கா"ன்னு ஒரு வார்த்த கேட்டுரணும், குழந்த பெத்தவங்கன்னா புதுசா அளவு ஜாக்கெட் கேட்டே ஆகணும்.

இந்த எடத்துல இன்ஸ்டாவ விட வாட்ஸ்அப் முக்கியம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் ஃப்ரீதான், அதுல லேபிள் வசதி இருக்கு, "துணி வரணும்", "தையல்ல", "அனுப்பியாச்சு"ன்னு போட்டுக்கிட்டா யாரு எந்த நெலமையில இருக்காங்கன்னு குழம்பாது. குயிக் ரிப்ளையில அளவு போட்டோ எப்படி எடுக்கணுங்கிறத ஒரு தடவ எழுதி வச்சுக்கிட்டா, ஸ்லாஷ் போட்டு பேர அடிச்சாலே வந்துரும், ராத்திரி பதினோரு மணிக்கு அதையே திரும்பத் திரும்ப டைப் பண்ண வேண்டியதில்ல. பாப்பா வச்சிருக்கது இது:

"அக்கா, உங்களுக்கு இருக்கதுலயே நல்லா பொருந்துற ஜாக்கெட் ஒண்ணு அனுப்புங்க. அத போட்டு முன்னாடி, பின்னாடி, கைய தூக்கி பக்கவாட்டுல மூணு போட்டோ, முகம் வேணாம். எது புடிக்கும் எது புடிக்காதுன்னு வாய்ஸ்ல சொல்லுங்க. என் நம்பர சேவ் பண்ணிக்கோங்க."

கடைசி வரி சும்மா இல்ல. நம்பர சேவ் பண்ணலன்னா நம்ம ஸ்டேட்டஸ் அவங்களுக்கு தெரியாது, பிராட்காஸ்ட் லிஸ்ட்ல மெசேஜ் அனுப்புனாலும் போய்ச் சேராது. நெறைய பேரு இது தெரியாம யாரும் ஸ்டேட்டஸே பாக்கமாட்டேங்குறாங்கன்னு பொலம்புறாங்க. அதுக்குன்னு டெய்லி பத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, மியூட் பண்ணிருவாங்க.

ரேட்டு, கூரியர், தேதி

ரேட்ட மறைக்காதீங்க. "இன்பாக்ஸ் பண்ணவும்"னு போட்டா வெறும் ரேட் கேக்குற கூட்டம்தான் வரும், பதில் சொல்லியே நேரம் போயிரும். லைனிங் ஜாக்கெட் 400, பிரின்சஸ் கட் 500, கூரியர் தனி, ஆரி வொர்க் டிசைன பாத்துன்னு பாப்பா புரொஃபைல்லயே பின் பண்ணி வச்சிருக்கா. உங்க ஊரு ரேட்டு வேறயா இருக்கலாம், அத போடுங்க. போட்டதுக்கு அப்புறம் மெசேஜ் எண்ணிக்க கொறஞ்சது உண்மைதான், துணி வர்றது கொறையல.

துணி கையில வந்ததும் பாதி காசு, முடிச்சு ஜாக்கெட்ட டேபிள்ல விரிச்சு வீடியோ அனுப்புனதும் மீதி, அதுக்கப்புறம்தான் பார்சல். பார்சல பிரிக்கும்போது வீடியோ எடுத்துருங்க, எத்தன பீஸ் வந்துச்சு, துணியில கறை இருக்கா, பீஸ் எத்தன சென்டிமீட்டர் இருக்குன்னு டேப் வச்சு காட்டி அப்பவே அனுப்பிரணும். புடவையோட வர்ற ஜாக்கெட் பீஸ் பொதுவா 80 சென்டிமீட்டர் இருக்கும், சில புடவையில அதுக்கும் கம்மியா இருக்கும், முழங்கை நீளமும் கேட்டு உடம்பும் கொஞ்சம் பெருசுன்னா பத்தாது, வெட்டுறதுக்கு முன்னாடி சொன்னாதான் மரியாத. முழு பட்டுப் புடவைய அனுப்புறேன்னு சொன்னா வேணாம்னுருவா, பீஸ வெட்டி அது மட்டும் அனுப்பச் சொல்லுவா. பதினஞ்சாயிர ரூபா புடவை வழியில காணாமப் போனா யாரு பொறுப்பு? ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி டிராக்கிங் நம்பர போட்டோ எடுத்து அனுப்பிட்டா "வந்துச்சா வந்துச்சா"ன்னு கேக்குறதும் நின்னுரும்.

கடைசியா தேதி. கூரியர் கஸ்டமர் போறது பெரும்பாலும் தையல் சரியில்லன்னு இல்ல, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஜாக்கெட் கையில இல்லன்னுதான். பாப்பா முகூர்த்த தேதிய கேட்டு, அதுல இருந்து பத்து நாள் முன்னாடிய அவ கடைசி தேதியா காலண்டர்ல எழுதிர்றா, போக மூணு நாலு நாள், ஏதாவது பிரிக்க வேண்டியிருந்தா மிச்ச நாள். ஒரு வாரத்துக்கு எத்தன ஜாக்கெட் தன்னால ஒழுங்கா தைக்க முடியும்னு கணக்கு வச்சு, அது நெறஞ்சதும் வாரத்த மூடிருவா. போஸ்ட்டையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் போடுறது. ஆடியில கல்யாணம் இல்ல, ஆனா ஜனங்க ஆடித் தள்ளுபடியில புடவை வாங்கி அடுக்கிருவாங்க, ஆவணி பொறந்ததும் எல்லாரும் ஒண்ணா வந்து நிப்பாங்க. அதனால குறை சொல்ற வீடியோ எல்லாம் ஆடி முதல் வாரத்துலயே போட்டுருவா, "ஆவணி கூட்டத்துக்கு முன்னாடி அளவ அனுப்பிருங்கக்கா"ன்னு. மார்கழியிலயும் அதே, பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும். ஏற்கனவே பேப்பர் கட்டிங் இருக்கவங்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட்ல ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிருவா, புதுசா வர்றவங்களுக்கு மிச்சம் இருக்க எடம்தான்.

இந்த வருஷம் ஆவணிக்கு புது ஆளுங்களுக்கு எடமே இல்லாம போயிருச்சு. ஊக்கு கட்ட, பைப்பிங் வெட்ட பக்கத்து வீட்டு அக்காவ பீஸ் கணக்குல சேத்திருக்கா, கட்டிங் மட்டும் இன்னும் யாருகிட்டயும் குடுக்கல.